தவறிய நாளும் தருகின்ற நாளும்

ஒப்புக்கொண்ட நாளில் ஒரு கட்டம் முடியாது என்பது தெரிந்ததும், ஒப்பந்தக்காரர் வாயில் முதலில் வருவது, 'இன்னும் ஒரு வாரம்' என்ற சொல்தான். எதையும் கணக்கிடாமல் சொல்லப்படும் அந்த ஒரு வாரமே பெரும்பாலும் அடுத்த பிணக்குக்கு வித்தாகிறது. மறு ஆய்வு நாளை எப்படிக் கணக்கிடுவது, எப்படி அறிவிப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியாகக் காண்போம்.

நாக்பூரில் ஒரு வணிகர் வங்கிக் கடன் பெற்றுக் கிடங்கு கட்டுகிறார் என்று கொள்வோம். கடன்தொகை கட்டங்கட்டமாக விடுவிக்கப்படும். மேல்தளம் முடிந்து, பொறியாளர் பார்வையிட்டுச் சான்றளித்த பின்னரே அடுத்த தவணை கிடைக்கும். ஜூன் 10 அன்று தளக் கான்கிரீட், 24 அன்று முட்டுக் கம்பங்களை அகற்றுதல், 26 அன்று பார்வையிடல் என்பது திட்டம். ஆனால் ஜூன் 8 மாலையில் சென்ட்ரிங் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. தச்சர்களுள் சிலர் ஊருக்குச் சென்றுவிட்டனர்.

புதிய நாளைக் கழிந்துபோன நாள்களிலிருந்து கணக்கிடக் கூடாது. எஞ்சியுள்ள வேலையிலிருந்தே கணக்கிட வேண்டும். சென்ட்ரிங் முடிக்க நான்கு நாள், கம்பி கட்ட மூன்று நாள், மின்குழாய் பதித்துச் சரிபார்க்க ஒரு நாள் என்றால், ஜூன் 16 வந்துவிடும். பருவமழை தொடங்கும் காலமாதலால் இரு நாள் கூடுதலாக ஒதுக்கினால், கான்கிரீட் இடும் நாள் ஜூன் 19. அதன் பின் உள்ள நாள்களைக் குறைக்க இயலாது. தளத்தின் இடைவெளி நான்கரை மீட்டருக்கு மேற்பட்டால், சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கு முட்டுகள் குறைந்தது 14 நாள் நிற்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 தரநிலை. வேறு வகைச் சிமென்டாயின் அந்தக் காலம் மாறக்கூடும். ஆக, முட்டுகளை அகற்றுவது ஜூலை 3. பார்வையிடல் ஜூலை 5.

'ஒரு வாரம்' என்று சொல்லியிருந்தால் ஜூலை 3 அன்றே பொறியாளர் வந்து நிற்பார். முட்டுகள் அன்றுதான் அகற்றப்பட வேண்டியவை. சொன்ன சொல்லைக் காக்கும் பொருட்டு அவற்றை முன்கூட்டியே எடுக்கும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. தளம் தொய்வதும் விரிசல் காண்பதும் இவ்வாறான அவசரத்தால் நேரக்கூடும். அவ்வகையில் நேர்மையான நாள், கட்டடத்துக்கும் காவலாகிறது.

அடுத்தது அறிவிக்கும் முறை. ஜூன் 10 கழிந்த பின்னர் அன்று; 8 அன்றே சொல்ல வேண்டும். தொலைபேசியில் பேசிவிட்டு, அன்றே எழுத்திலும் அனுப்புவது நல்லது. கடிதம் இவ்வாறு அமையலாம்:

"ஐயா, 10ஆம் நாள் தளக் கான்கிரீட் இட இயலாது. சென்ட்ரிங் பாதிதான் முடிந்துள்ளது. ஆள்களைத் தக்கவைக்காதது எங்கள் குறை. கான்கிரீட் இடும் நாள் ஜூன் 19. முட்டுகள் 14 நாள் நிற்க வேண்டியிருப்பதால் பார்வையிடலை ஜூலை 5க்கு மாற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஜூன் 17 மாலை கம்பி கட்டும் வேலையின் நிலையைத் தெரிவிப்போம். அன்று அது முடிந்திராவிட்டால் ஜூலை 5ஆம் நாளும் தள்ளிப்போகும். கட்டடம் முழுவதும் முடியும் நாளை ஜூலை 5 அன்று கணக்கிட்டுச் சொல்கிறோம்."

இதில் இரு செய்திகள் கவனிக்கத்தக்கவை. இடையில் ஜூன் 17 என்றொரு சோதனை நாள் வைக்கப்பட்டுள்ளது. இரண்டாம் முறை தவறினால், வாடிக்கையாளர் அதனை ஜூலை 5 அன்று வாசலில் நின்று அறிய வேண்டியதில்லை. பதினெட்டு நாள் முன்னதாகவே அறிவார். மற்றொன்று, இறுதி நாளைப் பற்றிய மௌனம். 'விட்டதைப் பின்னர்ப் பிடித்துவிடுவோம்' என்ற உறுதி கடிதத்தில் இல்லை. எப்படிப் பிடிப்பது என்று கணக்கிடாத நிலையில் அத்தகைய உறுதி பொய்யாகும்.

வணிகருக்கு இந்த நாள்கள் வெறும் தேதிகள் அல்ல. பெற்ற தொகைக்கு வட்டி ஓடுகிறது. பழைய கிடங்கைக் காலி செய்ய அறிவிப்புக் கொடுத்திருக்கலாம். கதவு, நிலை வாங்க முன்பணம் தருவதாகச் சொல்லியிருக்கலாம். ஜூன் 8 அன்றே உண்மை தெரிந்தால், வாடகைக் காலத்தை நீட்டிக் கேட்கவும், கிளைக்குச் சென்று தவணைக் கோரிக்கையை ஜூலைக்கு மாற்றவும் அவருக்கு அவகாசம் உண்டு. ஜூன் 26 அன்று தெரிந்தால், அந்த வழிகளுள் சில அடைபட்டிருக்கும்.

அவர் கோபம் கொள்ளலாம். தாமதத்துக்கு ஈடு கேட்கலாம். ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருந்தால் ஒப்பந்தக்காரர் அதனை ஏற்றாக வேண்டும். ஆயினும் ஜூன் 17 மாலை சொன்னபடி அழைப்பு வந்து, 19 அன்று கான்கிரீட் கலவை இயந்திரம் ஓடத் தொடங்கினால், ஜூலை 5 என்ற நாளை நம்பி அவர் தம் அடுத்த ஏற்பாடுகளைச் செய்துகொள்வார்.