மிஞ்சிய முட்டைக்கருவைக் காப்பதும் பயன்படுத்துவதும்

தூத்துக்குடி மக்ரூனுக்கு முட்டையின் வெள்ளைக்கரு மட்டுமே வேண்டும். வீட்டில் நான்கு முட்டையை உடைத்து மக்ரூன் செய்தால் நான்கு மஞ்சள்கரு மிஞ்சும். முதலில் கவனிக்க வேண்டியது இந்த மஞ்சள்கருவைத்தான். சத்து நிறைந்த அதில் கிருமி எளிதில் பெருகும்; காற்றுப் பட்டால் மேலே தோல் படிந்து, கிளறும்போது கட்டி கட்டியாக நிற்கும். ஃப்ரிட்ஜில் அது 2 நாள்தான் தாங்கும். வெள்ளைக்கருவில் கிருமிகளை அடக்கும் புரதங்கள் இருப்பதால் அது 4 நாள் வரை தாங்கும். முட்டையை உடைத்த நாளிலிருந்தே இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும்.

உடையாத மஞ்சள்கருவைச் சின்னக் கிண்ணத்தில் இட்டு, அது மூழ்குமளவு குளிர்ந்த நீர் ஊற்றி மூடி வைத்தால் தோல் படியாது. எடுக்கும்போது நீரை வடித்துவிடலாம். உடைந்த கருவில் நீர் ஊற்றினால் கலந்துவிடும். அதன் மேற்பரப்பில் ஒட்டும்படி பிளாஸ்டிக் தாளைப் படிய வைப்பதே சரி. நம் ஊர் வெயிலில் இன்னொன்றும் முக்கியம்: சமையல் மேடையில் 2 மணி நேரத்துக்கு மேல் கிடந்த கருவை ஃப்ரிட்ஜில் வைத்துக் காப்பாற்ற முடியாது. 32 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் அந்த அவகாசம் 1 மணி நேரம்தான்.

நான்கு மஞ்சள்கருவுக்கு நல்ல வழி கஸ்டர்ட். கருவோடு 80 கிராம் சர்க்கரையை நன்றாக அடித்து, சூடான அரை லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். பிறகு சிறு தீயில் கைவிடாமல் கிளறினால், கரண்டியின் முதுகில் பூச்சாக ஒட்டும் பதம் வரும். அந்தக் கணமே இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் கரு திரிந்துவிடும். இரண்டு நாளுக்குள் சமைக்க முடியாதென்றால் ஃப்ரீசரில் வைக்கலாம். ஆனால் மஞ்சள்கரு அப்படியே உறைந்தால் பிசின்போல இறுகி, உருகிய பிறகும் இளகாது. நான்கு கருவுக்கு ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரையோ, ஒரு சிட்டிகை உப்போ கலந்து உறைய வைத்தால் பதம் கெடாது. எதைச் சேர்த்தோம் என்று டப்பாவில் எழுதி வைப்பது அவசியம். உப்புக் கலந்தது இனிப்புக்கு ஆகாது.

கஸ்டர்ட் செய்தவர் வீட்டில் மிஞ்சுவது வெள்ளைக்கரு. அது எதுவும் சேர்க்காமலே நன்றாக உறையும். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளை மூடிய டப்பாவுக்கு மாற்றினால் பல மாதம் கெடாது. இரண்டு டேபிள்ஸ்பூன் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவுக்குச் சமம். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருக விட்டு, மறுநாள் மக்ரூனுக்கு அடிக்கலாம். அதில் துளி மஞ்சள்கரு கலந்திருந்தாலும் நுரை சரியாக எழும்பாது. அப்படிப்பட்டதை ஆம்லெட்டில் சேர்த்துவிடலாம்.

நாற்றம் அடித்தாலோ, இளஞ்சிவப்பு, பச்சை நிறம் தெரிந்தாலோ கருவைக் கொட்டிவிட வேண்டும். ஆனால் சால்மொனெல்லா கிருமி நாற்றமும் தராது, நிறமும் மாற்றாது. ஆகவே நாள் கடந்ததை முகர்ந்து பார்த்துப் பயன்படுத்தக் கூடாது. நாளுக்குள் இருப்பதையும் நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும்.