"மெக்கானிகலை ஏன் விட்டீர்கள்?"

கோயம்புத்தூரில் பம்ப்செட் தொழிற்சாலை ஒன்றில் நாலு வருஷம் வேலை பார்த்த இன்ஜினீயர் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். மாலை வேளைகளில் பைத்தான் என்னும் கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக் கொண்டாள். இப்போது ஸாப்ட்வேர் கம்பெனி ஒன்றிலிருந்து முதன்முதலாக இண்டர்வியூவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அங்கே ஒரு கேள்வி காத்திருக்கும்: "படித்தது மெக்கானிகல் ஆயிற்றே, அதை ஏன் விட்டீர்கள்?"

"அங்கே சம்பளம் குறைவு, ஷிப்டு கஷ்டம்" என்றாளோ, போயிற்று! நாளைக்கு இங்கே கஷ்டம் வந்தாலும் கிளம்பி விடுவாள் என்று நினைப்பார்கள். "சிறு வயது முதலே கம்ப்யூட்டர் என்றால் எனக்கு உயிர்" என்றாலும் பயனில்லை. அப்படியானால் மெக்கானிகல் படிப்பானேன்?

பழைய வேலைக்கும் புதிய வேலைக்கும் நடுவே பாலமாக நிற்கும் ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். அவளிடம் அது இருக்கிறது. தொழிற்சாலையில் ஒவ்வொரு பம்பையும் ஓட்டிப் பார்த்து, எவ்வளவு தண்ணீர் வந்தது, எவ்வளவு உயரம் ஏறியது, எவ்வளவு மின்சாரம் தின்றது என்று நோட்டில் எழுதுவார்கள். பிறகு திறன் நூற்றுக்கு எத்தனை என்று கையால் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கைப் போட அவள் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினாள். ஒரு மணி நேர வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது.

இத்துடன் கதை முடிவதில்லை. "அந்தப் புரோகிராம் எப்போதாவது தவறியதா?" என்று அடுத்தபடியாகக் கேட்பார்கள். ஆளை எடை போடும் கேள்வி இதுதான்.

ஒரு நாள் ஒரு பம்பின் திறன் 3,270 சதவிகிதம் என்று வந்து நின்றது! வாங்கும் மின்சாரத்துக்கு மேல் எந்தப் பம்பும் வேலை செய்யாதே! நோட்டைப் புரட்டினால் விஷயம் விளங்கியது. 20 மீட்டர் உயரம், 1,800 வாட் மின்சாரம், இரண்டும் சரி. தண்ணீரை மட்டும் விநாடிக்கு 5 லிட்டர் என்று போடாமல், நிமிஷக் கணக்கில் 300 என்று யாரோ போட்டிருந்தார்கள். உண்மையான திறன் 54.5 சதவிகிதம். அன்று முதல், 100-ஐத் தாண்டினால் புரோகிராம் ஏற்றுக் கொள்ளாமல் திருப்பிக் கேட்கும்படி செய்தாள். சின்னத் தவறுகள் இந்த வேலிக்குள்ளும் நுழைந்து விடுமல்லவா? ஆகவே, எண் எழுதும் இடத்தின் அருகிலேயே "விநாடிக்கு லிட்டர்" என்றும் போட்டு வைத்தாள். தவறைக் கண்டு பிடித்தது அவளுடைய மெக்கானிகல் படிப்பு, தடுத்தது புரோகிராம்.

கதை தயாராகி விட்டதா என்று வீட்டிலேயே பார்த்து விடலாம். கடிகாரத்தை வைத்துக் கொண்டு அத்தையிடம் இரண்டே நிமிஷத்தில் சொல்லட்டும். "அது சரி, 'நாங்கள், நாங்கள்' என்கிறாயே, நீ என்னடி செய்தாய்?" என்று அத்தை கேட்டால், 'நான்' வர வேண்டிய இடத்தில் வரவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று: பழைய கம்பெனியின் நோட்டையோ நிஜ எண்களையோ எடுத்துப் போகக் கூடாது, கற்பனை எண்கள் போதும். கதையைக் கேட்ட பிறகு, "சரி, அந்தச் சோதனையை இங்கே எழுதிக் காட்டுங்கள்" என்பார்கள். அதற்குக் கை பழகியிருக்க வேண்டும்.