இருபது நிமிடம் கேட்கும் கடிதம்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுச் சேற்றில், உப்பைத் தாங்கி வாழும் பாக்டீரியாக்களை ஆராய்கிற ஒருவர் சிதம்பரத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மரபணுத் தரவு அவரிடம் இருக்கிறது. அதை அலசும் முறையில் கைதேர்ந்தவர்கள் ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார்கள். அறிமுகமே இல்லாத அவர்களுக்கு முதல் மின்னஞ்சலை எழுத வேண்டும்.

யாருக்கு எழுதுவது? கட்டுரையில் அச்சாகும் முகவரி பெரும்பாலும் ஆய்வுக்கூடத் தலைவருடையது. ஆனால் உயிரியல் கட்டுரைகளில் முதல் பெயருக்கு உரியவர்தான் வழக்கமாக அந்த வேலையைச் செய்தவர். சந்தேகம் முறையைப் பற்றியது என்றால் அவருக்கு எழுதி, தலைவருக்கு நகல் அனுப்பலாம்.

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் உயரிய ஆய்வைக் கண்டு வியந்தேன், தங்களோடு இணைந்து பணியாற்ற விழைகிறேன்" என்று தொடங்கும் கடிதங்கள் ஏராளம். பெயரை மட்டும் மாற்றி நூறு பேருக்கு அனுப்பலாம் என்பது படிப்பவருக்குத் தெரியாதா என்ன? அந்த ஐயா ஒரு பெண்ணாகவும் இருக்கக்கூடும். கூட்டாய்வுக்குச் சம்மதம் என்று முன்பின் தெரியாதவரிடம் யாரும் சொல்லிவிட முடியாது. இருபது நிமிடம் பேசச் சம்மதிப்பது எளிது.

நம் ஆய்வாளர் இப்படி எழுதலாம்: "உங்கள் கட்டுரையின் முறையை எங்கள் பிச்சாவரம் தரவில் ஓட்டிப் பார்த்தோம். கோடை மாதிரிகள் தெளிவாகப் பிரிகின்றன, மழைக்கால மாதிரிகள் குழம்புகின்றன. நன்னீர் கலப்பதாலா, எங்கள் மாதிரிகள் போதாததாலா என்று புரியவில்லை. இதைப் பற்றி இருபது நிமிடம் காணொளியில் பேச இயலுமா?" குழப்பத்தைக் காட்டும் வரைபடம் ஒன்றை இணைத்தால் போதும். தன்விவரக் குறிப்பும் பழைய கட்டுரைகளும் இப்போது வேண்டாம்.

நேரம் குறிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜெர்மனி கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அது நாலரையாகிவிடும். அக்டோபர் நடுவில் எழுதி நவம்பரில் பேசுவதென்றால், நம் பிற்பகல் 2.30 அவர்களுக்குக் காலை 11 அல்ல, 10. 'ஐஎஸ்டி' என்று மட்டும் போட்டாலும் குழப்பம்தான், அயர்லாந்தும் இஸ்ரேலும் அதே எழுத்துகளைத் தங்கள் நேரத்துக்குப் பயன்படுத்துகின்றன. அவர்கள் ஊர் நேரத்தில் இரண்டு மூன்று வேளைகளைக் கொடுத்து, பக்கத்தில் நம் நேரத்தையும் எழுதிவிடலாம்.

ஆர்வ மிகுதியில் "சேற்று மாதிரிகளையும் அனுப்பி வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, நம் மண்ணின் நுண்ணுயிர்களை வெளிநாட்டு ஆய்வுக்குக் கொடுப்பதற்கு விதிமுறைகள் உண்டு. சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்தின் அனுமதி தேவைப்படலாம். அரசு வழிகாட்டுதலுக்கு உட்பட்ட கூட்டாய்வுத் திட்டங்களுக்கு விலக்கு இருந்தாலும், அதையெல்லாம் அழைப்பு முடிந்து, இருவருக்கும் ஒத்துவந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

பத்து நாளாகியும் பதில் இல்லையென்றால், அதே கடிதத்தின் தொடர்ச்சியாக ஒரு வரி நினைவூட்டலாம். அதற்கும் மௌனம் என்றால், அதே முறையைக் கையாளும் அடுத்த ஆய்வுக்கூடத்தைத் தேட வேண்டியதுதான்.