சாப்பிடாத பிள்ளைக்கு எதற்கு இன்சுலின்?

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பத்து வயதுச் சிறுமி. முதல் நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டாள், இரவிலிருந்து வாந்தி. “ஒண்ணுமே சாப்பிடல, ஊசி போட்டா லோ ஆயிடும்” என்று அம்மா இன்சுலினை நிறுத்திவிட்டார். மறுநாள் மதியம் பிள்ளைக்கு மேல்மூச்சு வாங்குகிறது. வீசிங்காக இருக்குமோ என்று பாட்டி கேட்கிறார். வாய் அருகே போனால், கனிந்த பழமும் நெயில் பாலிஷ் ரிமூவரும் கலந்தது போல ஒரு வாசனை.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் அந்த அம்மாவின் கணக்கு பல வீடுகளில் போடப்படுவது. அது தப்பாவது இப்படித்தான்: சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் இரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். இன்சுலின் இல்லாததால் அது செல்லுக்குள் போகாது. பசியில் தவிக்கும் உடல் கொழுப்பைக் கரைக்க, கல்லீரல் அதைக் கீட்டோன்களாக மாற்றுகிறது. கீட்டோன்களில் முக்கியமானவை அமிலங்கள். சிறிதளவு என்றால் உடல் செலவழித்துவிடும், இங்கே கட்டுப்படுத்த ஆளில்லாமல் இரத்தமே புளித்துப்போகிறது.

அந்த மூச்சு, அமிலத்தைக் குறைக்க உடல் எடுக்கும் முயற்சி. கரியமில வாயுவை வெளியேற்றினால் அமிலம் சற்றுக் குறையும், அதனால் ஆழமாகவும் வேகமாகவும் இழுத்து விடுகிறது. 1874இல் இதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் குஸ்மாலின் பெயரால்தான் இன்றும் அழைக்கிறார்கள். வீசிங்கில் வரும் விசில் சத்தம் பொதுவாக இதில் இருக்காது. பழ வாசனை, மூச்சில் வெளியேறும் அசிட்டோன். சிலருடைய மூக்குக்கு அது எட்டாது. வாசனை இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம்.

வாந்தியும் கீட்டோனின் வேலையாக இருக்கலாம். சர்க்கரை ஏறியதால் ஏற்கனவே சிறுநீரில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது, வாந்தி மிச்சத்தையும் கொண்டுபோகிறது. நாக்கு வறண்ட பிள்ளை அடிக்கடி சிறுநீர் கழித்தால், அதை வெறும் ஃபுட் பாய்சன் என்று விட்டுவிடக் கூடாது.

விரல் நுனி இரத்தத்தில் கீட்டோன் 0.6க்குக் கீழே இருப்பது இயல்பு. 3ஐத் தொட்டால் ஆபத்து. ஆனால் சர்க்கரை நோயுள்ள குழந்தை வாந்தி எடுத்து, மூச்சும் இப்படி வாங்கினால், மீட்டரைத் தேடி நேரத்தை வீணாக்காமல் 108ஐ அழையுங்கள். வீட்டிலேயே நிறைய இன்சுலின் போட்டுச் சரிக்கட்டவும் பார்க்காதீர்கள்.

மருத்துவமனையில் முதலில் உப்புநீர் ட்ரிப்ஸ். ஒரு மணி நேரம் கழித்தே இன்சுலின், 30 கிலோ குழந்தைக்கு மணிக்கு 1.5 முதல் 3 யூனிட். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் இழுத்துவிடும் என்பதால் அதையும் ட்ரிப்ஸில் சேர்ப்பார்கள். அவசரப்படாததற்குக் காரணம் உண்டு: சிகிச்சையின்போது சில குழந்தைகளுக்கு மூளை வீங்கிவிடும். அதனால்தான் தலைவலியையும் மயக்கத்தையும் மணிக்கு மணி கவனிக்கிறார்கள்.

சர்க்கரை 250–300க்கு இறங்கியதும் ட்ரிப்ஸில் குளுக்கோஸ் கலப்பார்கள். “சர்க்கரைக்காரப் பிள்ளைக்கு குளுக்கோஸா?” என்று பெற்றோர் பதறுவது வழக்கம். சர்க்கரை இறங்கினாலும் கீட்டோன் இறங்க இன்னும் பல மணி நேரமாகும், அதுவரை இன்சுலின் ஓட வேண்டும். அது நிற்காமல் ஓடத்தான் அந்தக் குளுக்கோஸ்.