தொலைந்த காசோலையை நிறுத்தும் கடிதம்

காசோலை தொலைந்ததும் பலர் வங்கிக்கு எழுதுவது, “நான் கொடுத்த செக் தொலைந்துவிட்டது, பணம் தர வேண்டாம்” என்பதுதான். எந்தக் காசோலை என்பதே அதில் இல்லை. கணக்கு எண்ணை மேலே குறித்து, அதை இப்படித் திருத்தி எழுதலாம்:

“வீட்டு உரிமையாளர் பெயருக்கு 12.06.2025 தேதியிட்டு எழுதிய, 004512 எண்ணுள்ள ரூ.18,500 காசோலை தபாலில் தொலைந்துவிட்டது. அதற்குப் பணம் வழங்குவதை நிறுத்தி, கடிதம் பெற்ற நேரத்தைக் குறித்து ஒப்புகை தரவும்.”

இதில் எண்தான் உயிர். ஓர் இலக்கம் பிசகினாலும் தொலைந்த காசோலை நிற்காது. எண்ணைக் குறித்து வைக்காதவர்கள் காசோலைப் புத்தகத்தைப் பார்க்கலாம்: தொலைந்தது கடைசியாகக் கிழித்த தாள் என்றால், அடுத்த தாளின் அடியில் உள்ள ஆறு இலக்க எண்ணில் ஒன்றைக் கழித்தால் போதும். கடிதம் சேருமுன் பணம் போயிருந்தால், நிறுத்துவதற்கு எதுவும் இருக்காது.