படகில் ஏறும் முன் தோள்பட்டையை இழுத்துப் பாருங்கள்

தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ என்ற இரண்டு தளச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. கரையில் விலங்குகளைப் பார்த்த பயணிகள் ஒரே பக்கம் திரண்டதாகவும், லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன.

சற்றுச் சாய்ந்த படகு தானாக நிமிரும். தண்ணீரில் கூடுதலாக அமிழ்ந்த பக்கத்தை நீர் மேலே தள்ளுவதுதான் காரணம். ஆனால் மேல்தளத்தில் ஆட்கள் எழுந்து நின்றால் பாரம் உயரத்துக்குப் போய்விடும். அந்த நிமிரும் திறன் குறையும். பிறகு ஒரு பக்கம் கூட்டம் சேர்ந்தாலே போதும். விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் படகு மீள்வது கடினம். திரும்பும்போது சாய்ந்த படகு மெதுவாகத்தான் நிமிர்கிறது என்றால் மேல்பாரம் அதிகம் என்று அர்த்தம். அப்போது மறுபக்கத்துக்கு ஓடக் கூடாது. இருந்த இடத்திலேயே உட்கார வேண்டும்.

கவிழ்வது சில நொடிகளில் நடக்கும். இருக்கைக்கு அடியில் கிடக்கும் ஜாக்கெட்டை எடுத்து, பட்டைகளை மாட்ட அந்த நேரம் போதாது. ஆகவே கரையிலேயே அணிய வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் எண் இருக்கும். 100 நியூட்டன் என்றால் சுமார் 10 கிலோ எடையைத் தாங்கும்; அமைதியான ஏரிக்கு அது ஏற்றது. 50 என்பது கரைக்கு அருகே நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே. கடலுக்குப் போகும் மீனவருக்கு 150 வேண்டும்.

அணிந்தபின் எல்லாக் கிளிப்பையும் மாட்டி, பட்டைகளை இறுக்கி, தோள் பகுதியைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது தளர்வு. தண்ணீரில் ஜாக்கெட் மேலே போகும், ஆள் கீழே நழுவுவார். பெரியவர்களின் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டுவது இதனால்தான் ஆபத்து. குழந்தையின் எடைக்கேற்ற அளவும், கால்களுக்கிடையே போகும் பட்டையும் வேண்டும். கிளிப் உடைந்திருந்தாலும், துணி வெளுத்துக் கிழிந்திருந்தாலும், நுரைப்பஞ்சு நசுங்கியிருந்தாலும் வேறு கேளுங்கள். ஜாக்கெட்டின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்தே பஞ்சு நசுங்கி, மிதக்கும் திறன் குறைந்துவிடும்.

ஜாக்கெட்டால் ஆகாததும் ஒன்று உண்டு. மூடிய கீழ்த்தளத்தில் இருக்கும்போது படகு கவிழ்ந்தால், ஜாக்கெட் ஆளை மேலே தள்ளி உள்ளேயே அடைத்துவைக்கும். மூழ்கி வாசல் வழியாக வெளியேற முடியாது. அதனால் திறந்த பகுதியில், வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் உட்காருவதே நல்லது.

படகில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக ஏற்றினாலோ, உங்கள் குழந்தைக்குப் பொருந்தும் ஜாக்கெட் இல்லை என்றாலோ, டிக்கெட் வாங்கியிருந்தாலும் இறங்கிவிடுங்கள்.