நான்கு பைட்டில் ஒரு பகடை

கேமில் ஓர் அரக்கனை வீழ்த்தினால் நூற்றுக்கு ஒரு தடவை தங்க வாள் கிடைக்க வேண்டும். அந்த ‘ஒரு தடவை’ எது என்று யார் முடிவு செய்வது? கம்ப்யூட்டருக்குள் பகடை கிடையாது. அது ஓர் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு அடுத்த எண்ணை வரவழைக்கிறது. அதை வைத்து அதற்கடுத்ததை. தொடங்கிவைக்கும் எண்ணுக்கு ஸீட் என்று பெயர். ஸீட் மாறாவிட்டால் வரிசையும் மாறாது. கேம் எழுதுகிறவர்களுக்கு இது வசதிதான். ஆட்டத்தை ரீப்ளே செய்து காட்ட முடிவதே இதனால்தான்.

பழைய முறை எளிது: கையில் உள்ள எண்ணைப் பெரிய எண்ணால் பெருக்கு, இன்னொன்றைக் கூட்டு, 32 பிட்டுக்கு மேல் வழிவதை வெட்டிவிடு. இதில் கடைசி பிட் பெரும்பாலும் 0, 1, 0, 1 என்று மாறி மாறித்தான் வரும். ஒற்றையா இரட்டையா என்று பார்த்துக் காசு சுண்டினால் பூ, தலை, பூ, தலை என்று விழும், சிறுவன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

இந்தக் குறைக்கு மருந்தாக 1998-இல் ஜப்பானின் மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் வெளியிட்டது மெர்சென் ட்விஸ்டர். தரமானது, ஆனால் பருமனானது. 624 எண்களை நினைவில் வைத்திருக்க வேண்டும். மொத்தம் 2,496 பைட்.

இன்றைய கம்ப்யூட்டருக்கு அது ஒரு பொருட்டா? ஒரே ஒரு பகடை என்றால் இல்லை. ஆனால் கேமில் எல்லாரும் ஒரே பகடையை உருட்டினால் வம்பு. புகை மண்டலத்தை அழகாக்க ஒருவர் ஓர் எண்ணைக் கூடுதலாக எடுத்தால் போதும், அதற்குப் பிறகு ஒவ்வொரு எதிரிக்கும் வேறு எண் போய்ச் சேரும். பழைய ரீப்ளே பாதியில் தடம் மாறும். எனவே ஒவ்வொரு எதிரிக்கும் தனிப் பகடை கொடுப்பது நல்லது. ஆயிரம் எதிரிகள் என்றால் மெர்சென் ட்விஸ்டர் சுமார் 25 லட்சம் பைட் கேட்கும். பிராசஸருக்கு மிக அருகில் இருக்கும் கேஷ் பெரும்பாலும் சில பத்து கிலோபைட்தான். மீதிக்கு ஒவ்வொரு முறையும் தள்ளியிருக்கும் நினைவகத்துக்கு ஓட வேண்டும்.

2003-இல் ஜார்ஜ் மார்சாலியா வெளியிட்ட எக்ஸார்ஷிஃப்ட் இங்கேதான் கைகொடுத்தது. பழைய பெருக்கல் முறையின் எண்கள் சில தளங்களில் அடுக்கடுக்காக விழுகின்றன என்று 1968-இலேயே காட்டியவரும் இவர்தான். அவருடைய 32 பிட் வடிவம் முழுதும் இவ்வளவே:

```
x ^= x << 13;
x ^= x >> 17;
x ^= x << 5;
```

எண்ணின் பிட்டுகளை இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்தி, பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறுபட்டால் 1. பிராசஸருக்கு இவை மிக மலிவான வேலைகள். நினைவில் வைக்க வேண்டியது நான்கே பைட். ஆயிரம் எதிரிகளுக்கும் சேர்த்து 4,000. வரிசை திரும்பத் தொடங்கும் முன் 0 தவிர்த்த 32 பிட் எண்கள் அத்தனையும் ஒரு முறை வந்துவிடும். சுமார் 429 கோடி. 13, 17, 5 என்பவை பொறுக்கி எடுத்தவை. இஷ்டத்துக்கு மாற்றினால் இந்தச் சுற்று சுருங்கிவிடலாம்.

ஸீட் 1 என்று வைத்துப் பார்ப்போம். முதல் வரியில் 8193 ஆகிறது. இரண்டாவது வரியில் மாற்றமில்லை. மூன்றாவதில் 270369. அதற்கடுத்த எண் 67634689. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் எண்ணை 429 கோடியால் வகுத்துப் பாருங்கள்: 0.00006. லெவல் எண்ணையே ஸீடாகக் கொடுப்பது புதியவர்களின் வழக்கம். 1 முதல் 127 வரை எந்த ஸீட் கொடுத்தாலும் முதல் எண் 0.0078-ஐத் தாண்டாது. ‘0.01-க்குக் கீழே வந்தால் தங்க வாள்’ என்று எழுதியிருந்தால், நூறு லெவலிலும் முதல் அரக்கனே வாளைப் போட்டுவிடுவான்! சின்ன எண்ணில் ஒன்றிரண்டு பிட்டுகளே விழித்திருக்கின்றன. மூன்று நகர்த்தலில் அவை மேல் முனைவரை எட்டுவதில்லை.

பிழை ஆட்டத்தின் நடுவில் தெரியாது. ஒவ்வொரு லெவலின் முதல் எண்ணை மட்டும் அடுக்கிப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். ஸீடை முதலில் வேறொரு கணக்கால் நன்றாகக் கலக்கிவிட்டுக் கொடுப்பதுதான் தீர்வு. யூனிட்டியின் கணித நூலகத்தில் இந்த 32 பிட் எக்ஸார்ஷிஃப்ட்டே இருக்கிறது. வரிசை எண்ணை ஸீடாக்க விரும்புகிறவர்களுக்காகவே கலக்கித் தரும் `CreateFromIndex` என்ற ஃபங்ஷனும் உண்டு. ஸீட் 0 ஆகவும் கூடாது. பூஜ்யத்தை எவ்வளவு நகர்த்தினாலும் பூஜ்யம்தான். பகடை அப்படியே உறைந்துவிடும்.

பணம் கட்டி ஆடும் சீட்டாட்டத்துக்கு மட்டும் இதைத் தொடக்கூடாது. வெளியே தெரியும் எண்தான் உள்ளே நினைவில் இருக்கும் எண்ணும். ஒரே ஒரு எண்ணை முழுசாகப் பார்த்தவர், மேலே உள்ள மூன்று வரிகளை வைத்துக்கொண்டு அடுத்து வரப்போவதையெல்லாம் சொல்லிவிடுவார். அரக்கனிடம் வாள் பறிக்கும் ஆட்டத்தில் அந்தக் கவலை இல்லை.